சந்தா நின்ற மறுநாள்: கூகுள் கணக்கில் நம் கோப்புகள் என்ன ஆகின்றன?

கூகுள் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் 15 ஜிபி இடம் இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அந்த 15 ஜிபியைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. போனில் எடுக்கும் படங்களும் வீடியோக்களும் சேரச் சேர அது போதாமல் போகிறது. உடனே 100 ஜிபி திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு ஒருநாள், ‘இதற்கு ஏன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்’ என்று நாமே சந்தாவை நிறுத்துகிறோம்; இல்லாவிட்டால் அது தானாகவே நின்றுபோகிறது.

அப்படி நிற்கும்போது எல்லோருக்கும் எழும் பயம் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் படங்களெல்லாம் அழிந்துவிடுமா? அன்றைக்கு எதுவும் அழியாது. அடுத்த வாரமும் அழியாது. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடுபவர்களுக்குத்தான் நஷ்டம் வருகிறது. ஏனென்றால் சந்தா நின்றதும் ஆபத்து உள்ளே இருக்கும் பொருளுக்கு அல்ல. இனிமேல் உள்ளே வரவேண்டிய பொருளுக்கு. வரவேண்டிய மின்னஞ்சல் வராது, ஏறவேண்டிய படம் ஏறாது. வராத ஒன்றை யாரும் தேடுவதில்லை என்பதால், பல மாதம் கழித்துத்தான் இது தெரியவருகிறது.

எந்த நாளில் மாறுகிறது?

நாமே சந்தாவை ரத்து செய்தால், அந்த நிமிடமே எதுவும் மாறாது. ஏற்கெனவே பணம் கட்டிய காலம் முடியும்வரை 100 ஜிபி அப்படியே இருக்கும். ஆண்டுச் சந்தா கட்டியவர் நான்காவது மாதத்தில் ரத்து செய்தால், இன்னும் எட்டு மாதம் கையில் இருக்கிறது என்று பொருள். வேண்டாததைக் கழிப்பதற்கும், வேண்டியதை எடுத்து வைப்பதற்கும் உரிய காலம் இதுதான்.

தானாக நிற்பது வேறு கதை. வங்கிக் கார்டின் காலாவதித் தேதி முடிந்து புதிய கார்டு வந்திருக்கும். அல்லது ஆட்டோபே அனுமதி எடுபட்டுப்போயிருக்கும். தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளன. அதன்படி ஒவ்வொரு தொடர் கட்டணத்துக்கும் வாடிக்கையாளர் முதலில் ஓடிபி போன்ற கூடுதல் உறுதியுடன் அனுமதி தரவேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்பவேண்டும். நம் பாதுகாப்புக்கான நல்ல விதி இது. ஆனால் பழைய கார்டில் கொடுத்த அனுமதி புதிய கார்டுக்குப் பொருந்தாமல்போனால் கட்டணம் போகாது. கூகுள் சில நாள் அவகாசம் தந்து நினைவூட்டும். அந்த நினைவூட்டல் விளம்பர மெயில்களுக்கு நடுவே கிடந்து கவனிக்கப்படாமல்போனால், கணக்கு 15 ஜிபிக்கு இறங்கிவிடும்.

ஆகவே உங்கள் சந்தா எந்தத் தேதிவரை இருக்கிறது, எந்தக் கார்டில் இருந்து பணம் போகிறது என்பதை one.google.com பக்கத்தில் இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய அன்று நடப்பவை

58 ஜிபி நிறைந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். போட்டோஸில் 36 ஜிபி, டிரைவில் 9, ஜிமெயிலில் 7, வாட்ஸ்அப் பேக்கப்பில் 6. குடும்பத் தலைவரின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 100 ஜிபி இருந்தவரை பாதிக்குமேல் கொஞ்சம்தான் நிரம்பியிருந்தது. சந்தா நின்றதும் அளவு 15 ஜிபியாகச் சுருங்கி, 43 ஜிபி அதிகமாகிவிட்டது.

அவர் அன்று கணக்கைத் திறந்தால் எல்லாம் முன்போலவே இருக்கும். பழைய படங்களைப் பார்க்கலாம், பழைய மெயில்களைப் படிக்கலாம், கோப்புகளை டவுன்லோடு செய்யலாம், அழிக்கலாம். மெயில்களுக்குப் போட்டுவைத்த லேபிள்கள், ஃபில்டர்கள், போட்டோ ஆல்பங்கள், பிறருக்குக் கொடுத்த பகிர்வு அனுமதிகள் எதுவும் கலையாது. எடுப்பதற்குத் தடை இல்லை, போடுவதற்குத்தான் தடை.

அந்தத் தடை மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது டிரைவ். புதிய கோப்பை ஏற்ற முடியாது. டாக்ஸ், ஷீட்ஸ் போன்றவற்றில் புதிதாக எதையும் தொடங்க முடியாது. கணினியில் உள்ள ஃபோல்டரை டிரைவுடன் இணைத்து வைத்திருந்தால் அந்த ஒத்திசைவும் நின்றுவிடும். பலருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு: அவருக்குச் சொந்தமான கோப்புகளை அவரும் திருத்த முடியாது, அவர் அனுமதி கொடுத்த வேறு யாரும் திருத்த முடியாது. குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை இவர் ஒரு ஷீட்டில் வைத்து, பொருளாளரோடும் செயலாளரோடும் பகிர்ந்திருக்கிறார் என்றால், அவர்கள் இருவர் கணக்கிலும் நிறைய இடம் இருந்தாலும் அந்த ஷீட்டில் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. கோப்பின் அளவும் கட்டுப்பாடும் அதன் உரிமையாளர் கணக்கைச் சேர்ந்தவை. பகிரப்பட்டவர் கணக்கில் அந்தக் கோப்பு இடம் பிடிப்பதும் இல்லை.

இரண்டாவது போட்டோஸ். புதிய படங்களும் வீடியோக்களும் மேலே ஏறாது. இங்கேதான் அமைப்புகள் நம்மை ஏமாற்றுகின்றன. சந்தா நின்றதால் போனில் உள்ள அமைப்புகளை கூகுள் மாற்றிவிடுவதில்லை. பேக்கப் செய்யச் சொல்லி நாம் என்றோ கொடுத்த கட்டளை அப்படியே இருக்கும். அமைப்பைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றக்கூடும். வேலை மட்டும் நடக்காது. படங்கள் போனில் இருப்பதால் திரையில் தெரியும். அவை மேலேயும் போய்விட்டன என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். போன் தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோதான், சந்தா நின்ற நாளுக்குப் பிறகு எடுத்த ஒரு படமும் கணக்கில் இல்லை என்பது புரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. போட்டோஸ் செயலியில் நேற்று எடுத்த ஒரு படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். விவரங்கள் வரும். அதில் Backed up என்ற சொல்லும் பக்கத்தில் அளவும் இருந்தால் அந்தப் படம் மேலே போய்விட்டது. இல்லையென்றால் போகவில்லை. அமைப்புப் பக்கத்தை நம்புவதைவிட இந்த ஒரு படத்தை நம்பலாம்.

மூன்றாவது, ஜிமெயில். மூன்றிலும் பெரிய சேதம் இங்கேதான். இடம் நிரம்பி வழியும் கணக்கிலிருந்து மெயில் அனுப்ப முடியாது. அந்தக் கணக்குக்கு வரும் மெயிலும் உள்ளே நுழையாது. அனுப்பியவருக்கே அது திரும்பிப்போகும். திரும்பிப்போகும் செய்தியில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
452 4.2.2 The recipient's inbox is out of storage space
```

பெறுபவரின் இன்பாக்ஸில் இடம் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். 4 என்று தொடங்கும் எண், இது தற்காலிகத் தடை, பிறகு முயன்று பார் என்று அனுப்பும் சர்வருக்குச் சொல்கிறது. அந்த சர்வரும் சில மணி நேரமோ சில நாளோ திரும்பத் திரும்ப முயலும். அதற்குள் இடம் காலியானால் மெயில் வந்துசேரும். இல்லையென்றால் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு நாம் இடத்தைக் காலிசெய்தாலும் போனது போனதுதான். அந்த மெயில் நம் ஸ்பாமிலும் இருக்காது, குப்பைத்தொட்டியிலும் இருக்காது. ஏனென்றால் அது நம் கணக்குக்குள் வரவே இல்லை.

நண்பர் ஒருவர் அனுப்பிய மெயில் திரும்பினால் அவர் நமக்கு போன் செய்து சொல்வார். ஆனால் வங்கி அறிக்கை, தேர்வுக்கான அனுமதிச்சீட்டு, வேலைக்கான நேர்காணல் அழைப்பு, கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் இயந்திரங்கள்தான் அனுப்புகின்றன. அங்கே திரும்பிவந்ததைப் படித்து நமக்குச் சொல்ல ஆள் இல்லை. இலவசத்துக்கு இறங்குபவர்கள் படங்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் மெயிலைப் பற்றிக் கவலைப்படவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

குடும்பத்தில் மற்றவர்களுக்கு

இந்தச் சந்தாவைக் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேருடன் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்தாலும் ஒருவர் படங்களை மற்றவர் பார்க்க முடியாது. இடம் மட்டும்தான் பொது. ஒவ்வொருவருக்கும் அவரவர் 15 ஜிபி இருக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் பொது இடத்தில் கைவைப்பார்கள்.

மேலே சொன்ன வீட்டில் மகளின் கணக்கில் 27 ஜிபி, மனைவியின் கணக்கில் 6 ஜிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தா நின்ற அன்று எல்லோரும் அவரவர் 15 ஜிபிக்குத் திரும்புவார்கள். மனைவிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. மகளுக்கு 12 ஜிபி அதிகமாகிவிட்டது; அன்றிலிருந்து அவர் மெயிலும் நிற்கும். வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டு, கல்லூரி மெயில்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, வீட்டில் அப்பா கார்டை மாற்றியதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? சந்தாவை நிர்வகிப்பவர் ஒருவர். விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர். ஆகவே நிறுத்தத் தீர்மானித்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, குழுவில் இருப்பவர்களிடம் தேதியைச் சொல்வது. அவர்கள் கணக்கில் உள்ளதை அவர்கள்தான் குறைக்க முடியும். நிர்வகிப்பவரால் அதைத் தொட முடியாது.

இரண்டு ஆண்டுக் கடிகாரம்

அப்படியென்றால் அழிவது எப்போது? 2021 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள கூகுளின் விதி இது: ஒரு கணக்கு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அளவுக்கு மேலேயே இருந்தால், ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றிலும் உள்ள அனைத்தும் அழிக்கப்படலாம். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னால் எச்சரிக்கை வரும். இடையில் அளவுக்குள் வந்துவிட்டாலோ, மீண்டும் சந்தா கட்டினாலோ அந்த ஆபத்து நீங்கிவிடும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு விதி இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத கணக்கை மொத்தமாக நீக்கும் விதி அது. 2023 மே மாதம் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். இரண்டிலும் ‘இரண்டு ஆண்டு’ வருவதால், ‘நான்தான் தினமும் கணக்கைத் திறக்கிறேனே, எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று சிலர் நினைக்கிறார்கள். தினமும் திறப்பது இரண்டாவது விதியிலிருந்துதான் காப்பாற்றும். அளவுக்கு மீறி நிற்கும் கணக்கை தினமும் திறந்தாலும் முதல் விதியின் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எல்லா நிறுவனமும் இரண்டு ஆண்டு பொறுப்பதில்லை. மைக்ரோசாப்டின் ஒன்டிரைவில் இலவச அளவு 5 ஜிபி. ஆறு மாதத்துக்கு மேல் அளவு மீறி இருந்தால் கோப்புகளை அழிக்கலாம் என்று சொல்கிறார்கள். அலுவலகங்களில் பயன்படும் ஸ்லாக்கில் இலவசத்துக்கு இறங்கினால் 90 நாளுக்கு முந்தைய உரையாடல்கள் மறைக்கப்படும். ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை 2024 ஆகஸ்ட் 26 முதல் அழித்தே விடுகிறார்கள். எவர்நோட்டில் இலவசக் கணக்குக்கு 2023 டிசம்பர் முதல் 50 குறிப்புகள்தான் எல்லை. அதற்கு மேல் வைத்திருந்தவர் பழைய குறிப்புகளைப் படிக்கலாம், திருத்தலாம். புதிதாக எழுத முடியாது. எந்தச் சேவையாக இருந்தாலும் நிறுத்துவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு அவர்கள் உதவிப் பக்கத்தில் பதில் தேடுங்கள்: புதியது வருவது நிற்குமா, பழையது மறையுமா, எத்தனை நாளில் அழியும்?

58 ஜிபியை 15க்குள் கொண்டுவருவது

இப்போது அந்தக் குடும்பத் தலைவரின் கணக்குக்கு வருவோம். சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிட்டால், அவசரம் இல்லாமல் முடித்துவிடலாம்.

முதலில் வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு கூகுள் கணக்கின் அளவில் சேராமல் இருந்தது. 2023 டிசம்பரில் தொடங்கி 2024இல் படிப்படியாக எல்லோருக்கும் அது கணக்கில் சேர்ந்துவிட்டது. 6 ஜிபியில் பெரும்பகுதி, குழுக்களில் வந்து குவிந்த வீடியோவாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup என்று போனால் வீடியோக்களைச் சேர்ப்பதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு ஒருமுறை கையால் பேக்கப் கொடுத்தால், புதிய சிறிய பேக்கப் பழையதன் இடத்தில் உட்காரும். 6 ஜிபி, ஒன்றரை ஜிபி ஆனது என்று வைத்துக்கொள்வோம். வீடியோக்கள் போனில் அப்படியே இருக்கும். வேண்டியவற்றை மட்டும் தனியாகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த வேலையைச் சந்தா இருக்கும்போதே செய்வது நல்லது. கணக்கு நிரம்பி வழியும்போது புதிய பேக்கப்பும் ஏறாமல் நிற்கக்கூடும்.

அடுத்து மெயில். ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
has:attachment larger:10M
```

இணைப்போடு சேர்த்து 10 எம்பிக்கு மேல் உள்ள மெயில்கள் மட்டும் வரும். பலருடைய கணக்கில் இப்படிப்பட்ட சில நூறு மெயில்கள்தான் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். வேண்டிய இணைப்புகளை இறக்கிவைத்துக்கொண்டு மெயிலை நீக்கலாம். நீக்கியதும் இடம் காலியாகாது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும்; அதுவரை அளவிலும் சேரும். எனவே தொட்டியையும் ஸ்பாமையும் கையால் காலிசெய்யவேண்டும். 7 ஜிபி, 5 ஜிபிக்கு வந்தது.

டிரைவில் drive.google.com/drive/quota என்ற முகவரியைத் திறந்தால், கோப்புகள் அளவு வரிசையில் பெரியதிலிருந்து சிறியதாக நிற்கும். அந்த வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்றே 5 ஜிபி. அதைக் கணினியில் இறக்கி, கடைசிவரை ஓட்டிப் பார்த்து, பிறகு நீக்கி, டிரைவின் தொட்டியையும் காலிசெய்தால் 9 ஜிபி நான்காகிறது.

மிச்சம் இருப்பது 36 ஜிபி படங்கள். இதில்தான் நிதானம் வேண்டும். கூகுள் போட்டோஸின் அமைப்புகளில் இடத்தை மீட்டுக்கொள்ளும் ஒரு வழி உண்டு. அசல் தரத்தில் உள்ள படங்களை Storage saver தரத்துக்குச் சுருக்கிவிடும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் 16க்கும், 1080p-க்கு மேற்பட்ட வீடியோக்கள் 1080p-க்கும் இறங்கும். எவ்வளவு மிச்சமாகும் என்று முன்கூட்டியே காட்டும். ஒருமுறை சுருக்கிவிட்டால் பழைய தரம் திரும்பாது என்பதை மறக்கக்கூடாது. 36 ஜிபியை இது மட்டும் 15க்குள் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. படங்களை வெளியே எடுப்பதுதான் சரியான வழி.

அதற்கு கூகுள் வைத்திருக்கும் வாசல் takeout.google.com. அங்கே எல்லாமே தேர்வாகி நிற்கும். முதலில் Deselect all கொடுத்துவிட்டு Google Photos-ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளும் ஆல்பங்களின் பட்டியல் வரும். ‘Photos from 2019’ என்பதுபோல ஆண்டு வாரியாக உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, நாமே பெயரிட்ட ஆல்பங்களை விட்டுவிடலாம். ஆல்பத்தில் உள்ள படம் ஆண்டுக்குரிய ஃபோல்டரிலும் இருக்கும் என்பதால், இரண்டையும் எடுத்தால் ஒரே படம் இருமுறை வந்து வட்டில் இரட்டிப்பு இடம் பிடிக்கும். ஆல்பப் பிரிவினை முக்கியம் என்றால் மட்டும் அவற்றையும் எடுங்கள்.

கோப்பு அளவு 2 ஜிபி என்று விட்டால் 36 ஜிபி பதினெட்டுத் துண்டுகளாக வரும். 10 ஜிபி என்று மாற்றினால் நான்கு. இணைய வேகம் குறைவாக இருந்து நடுவில் அறுந்துபோகும் வீட்டில் சிறிய துண்டுகளே மேல். ஒன்று அறுந்தால் அதை மட்டும் மறுபடி இறக்கலாம். தயாராக சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும். தயாரானதும் மெயிலில் இணைப்பு வரும். ஏறக்குறைய ஒரு வாரம்தான் அது செல்லும். மெயில் நின்றுபோன கணக்கில் இந்த மெயிலும் வராமல் போகலாம் என்பது, சந்தா இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம்.

விரித்துப் பார்த்தால் படங்களுடன் json என்று முடியும் சிறு கோப்புகளும் இருக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கேமராவில் எடுத்த படத்தில் தேதி அதற்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் பெரும்பாலும் அது இருக்காது; தேதி அந்த json கோப்பில்தான் இருக்கும். அதைத் தொலைத்தால் பத்து ஆண்டுப் படங்கள் எல்லாம் டவுன்லோடு செய்த நாளில் எடுத்ததுபோல வரிசையில் நிற்கும்.

பிறகு சரிபார்ப்பு. ஒவ்வொரு துண்டும் பிழையின்றி விரிகிறதா, ஒவ்வோர் ஆண்டு ஃபோல்டரிலும் படங்கள் இருக்கின்றனவா, ஆண்டுக்கு ஒரு வீடியோவாவது முழுதாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரே ஹார்டு டிஸ்கில் வைத்துவிட்டு மேலே அழிக்காதீர்கள். இரண்டு டிஸ்குகளில், முடிந்தால் இரண்டு வீடுகளில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றாவது கெடும். அது கெடும் நாளில் இன்னொன்று இருக்கவேண்டும்.

அழிக்கும் இடத்தில் இரண்டு கண்ணிகள்

படங்களை நீக்கும்போது பலர் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். பேக்கப் இணைந்திருக்கும் நிலையில் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், மேலே உள்ள பிரதி மட்டும் போகாது. போனில் உள்ளதும் சேர்ந்து போகும். ‘மேலேதானே அழிக்கிறேன், போனில் இருக்கட்டும்’ என்று நினைத்து அழித்தால் இரண்டையும் இழப்போம். உடனே கவனித்தால் மீட்கலாம். பேக்கப் ஆன படங்கள் தொட்டியில் 60 நாள் இருக்கும். தொட்டியைக் காலிசெய்த பிறகு வழியில்லை.

இரண்டாவது, Free up space என்ற பொத்தான். பெயரைப் பார்த்தால் கூகுள் கணக்கில் இடம் கிடைக்கும்போலத் தோன்றும். நேர்மாறு. ஏற்கெனவே மேலே ஏறிய படங்களை போனிலிருந்து நீக்கி, போனில் இடம் ஏற்படுத்துவதுதான் அதன் வேலை. கணக்கின் அளவு ஓர் எம்பிகூடக் குறையாது. என்றாவது இந்தப் பொத்தானை அழுத்தியவர்களின் பழைய படங்கள் கூகுளில் மட்டுமே இருக்கின்றன. போனில் திரையில் தெரிவது மேலிருந்து வரும் காட்சிதான். அப்படிப்பட்டவர்கள் டேக்அவுட் செய்து முடித்து, வட்டில் சரிபார்க்கும்வரை எதையும் அழிக்கவே கூடாது.

அந்தக் குடும்பத் தலைவர் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, கடைசி சில மாதப் படங்கள் 2 ஜிபியை மட்டும் மேலே வைத்தார் என்றால், கணக்கு இப்படி வரும்: மெயில் 5, டிரைவ் 4, வாட்ஸ்அப் ஒன்றரை, படங்கள் 2. மொத்தம் பன்னிரண்டரை. இன்னும் இரண்டரை ஜிபி காலி. புதிய வீடியோக்கள் தானாக ஏறும்படி விட்டுவைத்தால் அது சீக்கிரமே நிரம்பிவிடும். எனவே போட்டோஸ் பேக்கப்பை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை போனிலிருந்து நேரடியாக வட்டுக்கு எடுத்துவைப்பது ஒரு வழி. அந்த ஒழுங்கு தன்னால் முடியாது என்று தெரிந்தவர், சந்தாவை நிறுத்தாமல் இருப்பதே நல்லது. மாதச் சந்தா மிச்சமாவதைவிட, இரண்டாவது பிரதி இல்லாமல் ஓராண்டு கழிவது பெரிய செலவு.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கு

சந்தா எப்போதோ நின்று, கணக்கு நிரம்பி வழிவதை இன்றுதான் கவனிக்கிறீர்கள் என்றால், படங்களில் கைவைக்காதீர்கள். அவசரத்தில் அழிப்பதுதான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம். முடிந்தால் ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டிக்கொள்ளுங்கள். மெயில் உடனே வரத் தொடங்கும், பகிர்ந்த கோப்புகள் திறந்துகொள்ளும், இரண்டு ஆண்டுக் கடிகாரமும் நிற்கும். மேலே சொன்ன வேலைகளை நிதானமாகச் செய்ய ஒரு மாதம் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் எந்த மெயிலெல்லாம் வந்திருக்கவேண்டும் என்று யோசித்து, வங்கி, கல்லூரி, காப்பீடு, வேலைக்கு விண்ணப்பித்த இடங்கள் ஆகியவற்றின் தளத்தில் நேரடியாக நுழைந்து பாருங்கள். திரும்பிப்போன மெயில் தானாக மறுபடி வராது. நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கடைசியாக, சந்தா முடிந்த மறுநாள் இரண்டு சோதனைகள். வேறொரு கணக்கிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். பேக்கப்பை நிறுத்தாதவர்கள் போனில் ஒரு படம் எடுத்து, கணினியில் photos.google.com-இல் அது வந்துவிட்டதா என்று பாருங்கள். குழுவில் இருந்த குடும்பத்தாரையும் இதைச் செய்யச் சொல்லுங்கள். நீக்கியதன் கணக்கு திரையில் சரியாகத் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம் என்பதால், திரையில் காட்டும் எண்ணைவிட இந்தச் சோதனைகளே நம்பகமானவை. மெயிலும் படமும் வந்துசேர்ந்தால், இலவசக் கணக்குக்கு எந்த இழப்பும் இல்லாமல் இறங்கிவிட்டீர்கள்.